கும்பிட இரண்டு கை வேண்டும்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், தோழியின் அப்பா அம்மாவைப் பார்க்கப் போக எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு அசட்டுச் சிரிப்போடு நின்றால் போதும். நாங்கள் யாரும் வணக்கம் சொன்னதில்லை, சொன்னால், "என்னடி, மேடையில பேசற மாதிரி!" என்று கேலி செய்திருப்பார்கள். "யார் வீட்டுப் பொண்ணு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எங்கள் நெம்மேலி மாதிரி ஊரில் அதற்கு அப்பா பெயரைச் சொன்னால் போதாது, தெருவையும் சொல்ல வேண்டும். பிறகு தண்ணீர் வரும். அது திண்ணையிலா கூடத்திலா, சொம்பிலா டம்ளரிலா என்பதெல்லாம் தெருவின் பெயரைப் பொறுத்தது.

இப்போது எனக்கு ஒரு தோழி செல்போனில் கிடைத்திருக்கிறாள். 2022 ஜூலை கடைசியில் பக்கத்துப் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை கைகூப்பியபடி எங்கு பார்த்தாலும் நின்றது. அந்த ஜுரத்தில் ஆன்லைனில் ஆடத் தொடங்கினேன். திருவான்மியூர்க்காரி ஒருத்தி என் ராணியைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே பழக்கமாகிவிட்டது. ஒருநாள், "அப்பா அம்மா உன்கிட்டப் பேசணுமாம், வீடியோ போடறேன்" என்றாள்.

பெரியவர்கள். எண்பதை நெருங்குகிறவர்கள். கும்பிட வேண்டாமா? கும்பிட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் போன் இருக்கிறது. 'தம்பி' குதிரைக்கு இந்தச் சங்கடம் இல்லை. டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்தேன். தாழ்வாக இருந்ததால் முகத்துக்குப் பதில் மூக்குத் துவாரமும் மேலே சுற்றும் ஃபேனும் தெரிந்தன. இரண்டு தலையணையை அடுக்கிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கடல் தெரியட்டும் என்று சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரியாக விழுந்தது, ஏனென்றால் போன் என் பின்னால் உள்ள வெளிச்சத்துக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சன்னலைப் பார்த்துத் திரும்பினேன். காற்று மைக்கில் மோதிப் புயல் அறிவிப்பு மாதிரி இரைந்ததால், கதவையும் சாத்தினேன். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரும்போதுகூட எங்கள் வீட்டில் இத்தனை ஏற்பாடு நடந்ததில்லை.

அழைப்பு வந்தது. திரையில் ஒரு காது. அவள் அப்பா பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்திருந்தார். தோழி திருப்பிக் கொடுத்ததும் நானும் அவரும் ஒரே சமயத்தில் வணக்கம் சொன்னோம், ஒரே சமயத்தில் நிறுத்தினோம், மறுபடி ஒரே சமயத்தில் தொடங்கினோம். இதில் யார் மேலும் தப்பில்லை. நேரில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவில் நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். குரல் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரமானால், அவர் பேசத் தொடங்கியது தெரியாமலே நாமும் தொடங்கிவிடுவோம். அவர் முடித்தபின் மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டுப் பேசினால் இடிக்காது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்றார் அம்மா.

கண்ணும் எனக்குச் சாதகமாகப் பொய் சொன்னது. கேமரா திரைக்கு மேலே இருக்கிறது, அவர்கள் முகம் கீழே இருக்கிறது. அவர்களை நேராகப் பார்த்தால் அங்கே நான் தலை குனிந்திருப்பதாகத் தெரியும். முன்பெல்லாம் பெரியவர்களை நிமிர்ந்து பார்த்ததற்குத் திட்டு வாங்கியவள், இப்போது நிமிர்ந்து பார்த்தே நல்ல பெயர் வாங்கினேன்.

அப்புறம் அப்பா கேட்டார்: "நெம்மேலியில எந்தப் பக்கம்மா?"

வாசல் போய்விட்டது, திண்ணை போய்விட்டது, இந்தக் கேள்வி மட்டும் செல்போன் டவர் ஏறி வந்துவிட்டது. சும்மாகூடக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பழைய திண்ணை ஞாபகம். தெருவைச் சொல்லாமல், "கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குறாங்களே, அந்த பிளான்ட் பக்கம்ப்பா" என்றேன். இரண்டு எண்ணத் தேவையில்லாதபடி அவர் முகம் மலர்ந்தது. "அட, உங்க ஊர்த் தண்ணியத்தானம்மா குடிக்கிறோம்!"

உண்மைதான். 2013இல் திறந்த முதல் ஆலை நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீரைத் தென்சென்னைக்கு அனுப்பும் திறன் உள்ளது. திருவான்மியூரும் அதில் அடக்கம். 2024இல் பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. முன்பு விசாரித்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இப்போது தண்ணீர் எங்கள் ஊர்க் கடலிலிருந்து போகிறது, விசாரணை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

"ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா" என்று சொல்லித்தான் அம்மா போனை வைத்தார். திருவான்மியூரும் நெம்மேலியும் ஒரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன, நேர் பஸ்ஸும் உண்டு. வாராவாரம் வீடியோவில் பேசுகிறோம். நான் இன்னும் போகவில்லை.