கெட்டிக்காரப் பையனும் 300 மார்க்கும்

எங்கள் குடும்பத்தில் ஒரு பையன் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்துவிட்டால் போதும், அவனை வீட்டில் வைத்திருக்க ஒருவருக்கும் மனசு வராது. என் மகனுக்குப் பத்து வயது. உலகத் தலைநகரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அதைக் கேட்ட என் மைத்துனர், "மச்சான், இவனை உள்ளூர்ல வச்சு வீணாக்காதீங்க. அமராவதி நகர் சைனிக் பள்ளியில சேர்த்துடுங்க" என்றார். கல்லூரி விடுதியிலிருந்து காய்ச்சலைச் சாக்கு வைத்து சேர்ந்த வாரமே வீட்டுக்கு ஓடிவந்தவர் அவர்.

"எண்ணெய் தேய்ச்சுவிட அங்க யாருடா இருக்கா?" என்றார் அம்மா. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையின் பக்கத்தில், 1962 முதல் நடக்கும் பள்ளி அது. ஆறாம் வகுப்பில் சேர மார்ச் 31 அன்று பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும், பன்னிரண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. நுழைவுத் தேர்வுக்கு 300 மார்க். அதில் கணக்கு மட்டும் 150. மொழி, அறிவுத்திறன், பொது அறிவு மூன்றுக்கும் தலா 50. இந்தப் பங்கீட்டைப் பார்த்ததும் நான் காகிதத்தை எடுத்தேன். எங்கள் பிள்ளை மற்ற மூன்றிலும் ஒன்றுவிடாமல் வாங்கினாலே 150தான். அவனைக் கெட்டிக்காரனாக்கிய தலைநகரங்கள் அந்தப் பொது அறிவு ஐம்பதுக்குள் ஒரு மூலையில் கிடக்கின்றன. பின்னத்தைக் கண்டாலே அவனுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். அரைக் கணக்கு போட்டாலும் 225தான். அதுவும் மற்றவற்றில் ஒரு மார்க்கூடச் சிந்தாமல் இருந்தால்!

தேர்வில் கேட்காத பாடமும் ஒன்று உண்டு. விடுதியில் விடிவதற்குள் எழுந்து, படுக்கையை மடித்து, உடற்பயிற்சிக்கு நிற்க வேண்டும். இவனோ காலில் மாட்டியிருக்கும் காலுறையையே வீடு முழுக்கத் தேடுவான். கட்டணம் வேறு ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டுகிறது. வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை உண்டுதான். ஆனால் என் சம்பளம் அதற்குக் கூடுதல், கட்டணத்துக்குக் குறைவு.

இத்தனை வாதத்திலும் ஒரு சங்கதியை யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. இவனை ஆறாம் வகுப்பில் விடுதிக்கு அனுப்பினால் அந்தக் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்ளும். தனியார் பள்ளியில் சேர்த்தாலும் அதே கதைதான். மைத்துனரிடம் சொன்னேன். "அப்ப பையன் டாக்டரா, ராணுவ அதிகாரியா?" என்றார். பையனைக் கேட்டோம். பஸ் ஓட்டப் போகிறானாம்.

எங்கள் தெருமுனை அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டேன். சைனிக் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பிலும் இடம் காலியிருந்தால் தேர்வு எழுதலாம். அதற்கு 400 மார்க், கணக்கு 200. ஆகவே மைத்துனர்மார்களே, பிள்ளையின் எதிர்காலத்தில் அக்கறை இருந்தால் தலைநகரங்களை விடுங்கள், சாயங்காலம் வந்து பின்னம் சொல்லிக்கொடுங்கள்.