ஒரே பார்வையில் தெரியுமாம்

"எல்லாம் காலண்டர்ல இருக்கு அங்கிள். ஒரு பார்வை பார்த்தா போதும், யார் யாருக்கு லீவு, எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடும் லா."

தலைமையகத்துத் தம்பி போனில் இப்படிச் சொல்லி, தீபாவளி முறுக்கு டின் இன்னும் காலியாகவில்லை. எனக்கும் கோபம் காலியாகவில்லை. கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நான் கேரி தீவில் ஒரு செம்பனை ஆலையில் கிராணி. ஷிப்ட் போடுவது என் வேலை. லீவு போடுவது மற்ற எல்லாருடைய வேலை. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. திங்களில் பண்டிகை வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். செவ்வாய் முதல் வெள்ளிவரை நாலு நாள் போட்டால், முன்னும் பின்னும் உள்ள சனி ஞாயிறோடு சேர்த்து ஒன்பது நாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்குச் சட்டப்படி ஆண்டு லீவே எட்டு நாள்தான். அதில் பாதியை ஒரே முறுக்கில் கடித்து முடித்துவிடுகிறார்கள்.

செம்பனைக்குத் தீபாவளி கிடையாது. அதிலும் குலை அதிகமாக வந்து இறங்குகிற காலம் அது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்தாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். வேகவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்குச் சான்றிதழ் வாங்கிய ஆள் வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் கணக்குக் கிராணியை அங்கே நிறுத்திவிட்டு "கொஞ்சம் பார்த்துக்க தம்பி" என்று சொல்ல முடியாது. எங்களிடம் பாய்லர்மேன் மூன்று பேர், ஓடுவது இரண்டு ஷிப்ட். ஒருவர் லீவில் போனால் சமாளிக்கலாம். ஒரே நாளில் இருவர் போனால் ஆலை நிற்கும். எனக்குத் தெரிய வேண்டியது இந்த ஒரே ஒரு விஷயம்தான்.

அக்டோபர் 22, புதன்கிழமை. இருவர் போனார்கள்.

காலண்டரில் இரண்டு பேரின் லீவும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. மாதக் காட்சியைத் திறந்தால் அந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் மூன்று வண்ணப் பட்டைகள் தெரியும், அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் `+7 more`. இரண்டாவது பாய்லர்மேன் அந்த ஏழுக்குள் குடியிருந்தார்.

இந்த `+7 more` பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். யாரும் லீவு போடாத நாளில் கட்டம் பளிச்சென்று காலியாகக் கிடக்கும், அன்று நமக்குப் பார்க்கவே ஒன்றுமில்லை. ஒருவர் இருவர் போட்டால் அழகாகத் தெரியும், அன்றும் கவலையில்லை. ஆலையில் பாதிப் பேர் காணாமல் போகும் நாள் எதுவோ, அந்த நாளை மட்டும் பார்த்து, 'இங்கே இடமில்லை, மற்றவர்களை உள்ளே வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தட்டிப் பார்' என்கிறது. மோதல் வராத நாளெல்லாம் கண்ணாடிபோலத் தெரிகிறது, மோதல் வரும் நாளில் திரை விழுகிறது. பத்துமலையை வரையச் சொன்னால் மூன்று படியை வரைந்துவிட்டு `+269 more` என்று எழுதுகிறவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் அழகு. பல நாள் நீளும் பதிவுக்கு மேல்வரிசை, ஒரே நாள் பதிவுக்குக் கீழ்வரிசை. ஆகவே ஒன்பது நாள் ஊருக்குப் போன ஸ்டோர் கிராணி முதல் வரியில் ஜம்மென்று படுத்திருப்பார். அவர் இல்லாவிட்டால் ஒரு போல்ட் கிடைக்கத் தாமதமாகும், அவ்வளவுதான். இரண்டாம் வரி, வாரம் முழுக்க நடக்கும் ஏதோ பயிற்சி. மூன்றாம் வரி, 21 முதல் லீவில் இருக்கும் முதல் பாய்லர்மேன். புதன் ஒரு நாள் மட்டும், அதுவும் பிள்ளையின் பள்ளிக்கூட வேலையாகப் போன இரண்டாவது பாய்லர்மேன் எங்கே தெரிவார்? இது போதாதென்று தலைமையகம் மலேசிய விடுமுறைப் பட்டியலையும் அதில் ஏற்றி வைத்திருக்கிறது. சரவாக் ஆளுநரின் பிறந்தநாளுக்கு எங்கள் கேரி தீவுக் கட்டத்தில் ஒரு வரி உண்டு. (தீபாவளிக்குச் சரவாக்கில் பொது விடுமுறை கிடையாது என்பதை அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.) எங்களோடு வேலை செய்யும் மா மெரி நண்பர்களின் ஹாரி மோயாங் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், அந்தப் பட்டியலில் அது இல்லவே இல்லை. அன்று தீவில் யார் வேலைக்கு வருவார், யார் வரமாட்டார் என்று அறிய நான் அவர்களையே கேட்கிறேன். கேட்டால் சொல்கிறார்கள்.

எல்லாரும் தலைப்பில் 'லீவு' என்று மட்டும் எழுதுகிறார்களே, அது தனிக் கதை. யாருக்கு லீவு? தட்டிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் பெயரை விட்டுவிட்டு மாமியாரின் கண் ஆபரேஷனை விவரமாக எழுதியிருந்தார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. முதல் பாய்லர்மேனுக்கு 24வரை லீவு. காலண்டர் 23வரைதான் பட்டை போட்டது. வெள்ளி காலை அவரை எதிர்பார்த்து ஷிப்டில் பெயர் எழுதினால், அண்ணன் ஈப்போவில் மாமனார் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "கிராணி, நான் 24ன்னுதானே போட்டேன்?" என்றார். அவர் சொன்னது சரி. லீவு மென்பொருளிலிருந்து காலண்டருக்கு வந்த கோப்பைத் திறந்து பார்த்தேன்.

```
DTSTART;VALUE=DATE:20251021
DTEND;VALUE=DATE:20251024
```

முழுநாள் பதிவுகளில் `DTEND` என்பது லீவின் கடைசி நாள் அல்ல, கடைசி நாளுக்கு மறுநாள். 24ஆம் தேதியும் லீவு என்றால் அங்கே 25 என்று இருக்க வேண்டும். மென்பொருளை எழுதியவர் 24 என்றே விட்டிருக்கிறார். ஆகவே நாலு நாள் லீவு மூன்றாகிறது, ஒரு நாள் லீவுக்கோ தொடக்கமும் முடிவும் ஒரே தேதியாகி நிற்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். அனுமதிக் கடிதத்தில் உள்ள கடைசித் தேதியையும் காலண்டர் பட்டை முடியும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எல்லாருக்கும் ஒரே ஒரு நாள் குறைந்தால் காரணம் இதுதான். இரண்டாவது பாய்லர்மேனின் ஒருநாள் லீவு தப்பியது, அவரே கையால் தட்டியதால். தப்பி என்ன, `+7 more`க்குள் போனார்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "மீட்டிங் வைக்கும்போது சிஸ்டமே காட்டிடும் அங்கிள், ஆள் இல்லைன்னு." அதுவும் காட்டாது. முழுநாள் பதிவு போட்டால், நாம் மாற்றாத வரை அது `Free` என்றே கிடக்கும். ஒன்பது நாள் ஊரில் இருப்பவர் கணினியின் கணக்கில் ஒன்பது நாளும் சும்மா இருக்கிறார். அவர் வசதிப்படி புதன் காலை பத்து மணிக்கு மீட்டிங் வைக்கலாம்.

முன்பு ஆபீஸ் சுவரில் குதிரைக் காலண்டர் தொங்கியது. பந்தய நாளில் குதிரைத் தலை போட்டிருக்கும், கட்டம் உள்ளங்கை அகலம் இருக்கும். ஆள் கூடினால் எழுத்து சிறுக்கும், கட்டத்துக்கு வெளியே வழியும். புதன்கிழமை அசிங்கமாக இருக்கும். அசிங்கமாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது. அதற்காக அதையே மாட்டச் சொல்லவில்லை. கோலாலம்பூரில் இருக்கிறவர் அதை எட்டிப் பார்க்க முடியாது என்பதும், யாரோ சிவப்பு மையால் எழுதியதை யாரோ அடித்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது பாய்லர்மேன்களுக்கு மட்டும் தனிக் காலண்டர் வைத்திருக்கிறேன். மூன்று பேர், மூன்று பட்டை, எதுவும் உள்ளே ஒளிய இடமில்லை. எடைமேடைக்கு இன்னொன்று. பெரிய காலண்டரை மாதக் காட்சியில் திறப்பதே இல்லை, வரிசையாகப் பட்டியல் போடும் `Schedule` காட்சியில்தான் பார்க்கிறேன். தலைமையகம் இன்னும் மாதக் காட்சியைத்தான் படம் பிடித்து அனுப்புகிறது.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்கள் பொது விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளிவரை போடலாம் என்று நீங்கள் இப்போதே கணக்குப் போட்டிருப்பீர்கள். போடுங்கள். தலைப்பில் பெயரையும் வேலையையும் எழுதுங்கள், `Busy` என்று மாற்றுங்கள். மாமியாரின் கண்ணை விட்டுவிடுங்கள்.