படத்துக்குக் கீழே இரண்டு வரி

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வேளச்சேரித் தரைத்தள வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகு தங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார். வெள்ளத்தில் தப்பிய குடும்பத்தின் படமும், கீழே போட நன்றி தெரிவித்து இரண்டு வரியும் வேண்டுமாம். மலர் வெளியிடுகிறீர்களாம். படம் இத்துடன் இருக்கிறது. வரிதான் இழுத்துவிட்டது, மன்னிக்கவும்.

முதல் நன்றி சாக்கடைக்கே என்று எழுதியிருந்தேன். 4ஆம் தேதி எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சல்லடை முதலில் குமிழி விட்டது. பிறகு கக்கூஸ் கோப்பை களக் களக்கென்றது. தெருவில் நின்ற வெள்ளம் மேன்ஹோலில் இறங்கி, பாதாளச் சாக்கடை நிரம்பி, தாழ்வான எங்கள் வீட்டில் கருப்பாக எழும்பியது. இந்தப் பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று சுற்றி முட்டுக்காட்டில் கடல் சேர வேண்டும். புயலன்று கடலும் சுலபமாக வாங்கிக்கொள்ளாது. அத்தனை தூரம் அலைய வேண்டாமென்று எங்கள் வீட்டிலேயே தங்க வைத்த தங்கள் கருணையை என்ன சொல்ல!

குமிழியைப் பார்த்து நான் பீரோவைத் தூக்க ஓடினேன். மாடி வீட்டு அக்கா படியிலிருந்தே, "பீரோவ விடுங்க தம்பி, மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க" என்றார். பழைய புடவையைச் சுருட்டிக் கோப்பையில் திணித்து, மேலே மணல் மூட்டையை வைத்தார். அது தண்ணீரை நிறுத்தவில்லை. அம்மாவை மாடிக்கு ஏற்றும் வரை தாமதப்படுத்தியது. அது போதும்.

மறுநாள் ஃபைபர் படகோடு மூன்று மீனவர்கள் வந்தார்கள். மோட்டாரைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மூழ்கிய பைக்கும் கேபிளும் விசிறியில் சிக்குமாம். இருவர் மார்பளவு தண்ணீரில் படகைத் தள்ள, ஒருவர் முன்னால் மூங்கிலால் தரையைக் குத்திப் பார்த்து நடந்தார். எங்கள் வாசலுக்கு எதிரே மூங்கில் சட்டென்று இறங்கியது. அங்கே மேன்ஹோலுக்கு மூடியே இல்லை. மூங்கிலை அதிலேயே நட்டு, சிவப்புத் துண்டைக் கட்டினார். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு படகில் இறக்கினார்கள். நான் பணத்தை எடுத்தேன். "அடுத்த வீட்ல யார்னா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.

எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது இதுதான்:

"அனைவரும் நலம். மாடி வீட்டு அக்காவுக்கும், பெயர் சொல்லாமல் போன மூன்று மீனவர்களுக்கும் நன்றி."

தங்கள் அலுவலகத்துக்கு இடம் போதவில்லை.

ஒரு வேண்டுகோள். அச்சில் படத்தின் இடது ஓரத்தில் தெரியும் மூங்கிலை வெட்டிவிடாதீர்கள். அதன் கீழே இன்னும் மூடி போடவில்லை.

இப்படிக்கு,
தரைத்தள வீட்டுக்காரன்