நியாயமான அண்ணர்

யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் காலமாகி, அந்தியேட்டி முடிந்து, கொட்டகைக்காரன் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போன பிறகுதான் நியாயமான அண்ணர் பேனையை எடுப்பார். இவர் ஒரு ஆள் அல்ல, ஒரு வகை. பெரும்பாலும் மூத்த ஆண்பிள்ளை, லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர், கணக்குப் பார்க்கும் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். வீட்டில் மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போதே செத்தவீட்டுச் செலவைக் கொப்பியில் இரண்டு பத்தியாக எழுதி வைத்தவர். ஆசை பிடித்தவர் என்று இவரை யாரும் சொல்ல முடியாது, சொன்னால் உண்மையிலேயே மனம் நோவார். தன் நியாயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் எழுதும் நகைப் பங்கீட்டுக் கடிதத்தின் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

கடிதம் எப்போதும் “அன்புள்ள தங்கச்சிக்கும் தம்பிக்கும்” என்று தொடங்கும். முதல் பந்தியில் அம்மாவின் பெருமை. இரண்டாம் பந்தியில் “எனக்கு இதில் ஒரு சதமும் தேவையில்லை” என்ற வசனம். இதை வாசித்ததும் அனுபவமுள்ள தங்கச்சி எழும்பிப் போய்ப் பெட்டகத் திறப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். மூன்றாம் பந்தியில் நகைப் பட்டியல் வரும். அண்ணர் அதை ஞாபகத்திலிருந்து எழுதுவதில்லை. அம்மாவின் பழைய படம் ஒன்றைப் பெருப்பித்து, கழுத்திலும் கையிலும் உள்ளதை எண்ணி எழுதியிருப்பார். அந்தப் படத்தில் உள்ள பதக்கம் கலியாண வீட்டுக்காகப் பெரியம்மாவிடம் இரவல் வாங்கியது என்பது அவருக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் கேட்கப்பட்டபோது போன காப்பும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்த பிறகு சாவகச்சேரிப் பக்கம் அரிசிக்காக விற்ற சங்கிலியும் அவருடைய பட்டியலில் இன்னமும் பத்திரமாக இருக்கும். ஊரில் இருந்தவள் “அது இல்லை” என்று பதில் எழுதினால், “அப்ப எங்கை போச்சு?” என்று அடுத்த கடிதம் வரும். அது நகையைக் கேட்கும் கேள்வி அல்ல என்பது எல்லாருக்கும் விளங்கும்.

ஆனால் என் குறை பட்டியலில் இல்லை. பட்டியலைத் திருத்தலாம். நான்காம் பந்தியில் அண்ணர் வைக்கும் அளவுகோலில்தான் என் வழக்கு இருக்கிறது. “எல்லாத்தையும் நிறுத்து, மொத்தப் பவுணை மூன்றால் பிரிப்பம், இதிலை ஒருத்தருக்கும் குறை வராது” என்பார். கேட்க எவ்வளவு நேர்மை! தராசுக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதுதானே. ஆனால் தராசு சொல்வது உருக்கப்போகும் பொன்னின் நிறையை மட்டும். உருக்குவதற்காக யாரும் அம்மாவின் அட்டியலைக் கேட்பதில்லை. அதை விற்கக் கொண்டுபோனால் கடைக்காரர் கல்லின் நிறையைக் கழிப்பார், உள்ளே அரக்கு இருந்தால் அதையும் கழிப்பார், செய்கூலியை நினைக்கவே மாட்டார். ஆறு பவுண் என்று வீட்டில் சொல்லி வளர்த்த அட்டியல் கடை மேசையில் நாலு பவுணாகிவிடும். அதே அட்டியலை அம்மா நல்லூர்த் தேருக்குப் போட்டதைப் பார்த்து வளர்ந்த மகளுக்கு அது ஆறுக்கும் மேல். ஒரே பொருளுக்கு மூன்று மனதில் மூன்று விலை இருக்கும்போது, தராசு நாலாவது விலை ஒன்றைச் சொல்லி, அதுதான் நடுநிலை என்று நம்பவைக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அளவுகோலைத் தெரிவுசெய்பவரே தனக்கு எது வரும் என்பதையும் தெரிந்துவைத்திருக்கிறார். கடிதத்தின் ஐந்தாம் பந்தி இப்படித்தான் போகும்: தாலிக்கொடியை வெட்டுவது சரியில்லை, ஆகவே மூத்தவர் என்ற முறையில் அது தன்னிடம் இருக்கட்டும், கூடிய பவுணுக்கு அந்தியேட்டிச் செலவும் தான் வந்துபோன விமானச் சீட்டும் கழித்துக்கொள்ளலாம், தங்கச்சிக்கு அந்தக் காலத்திலேயே வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்தாயிற்று என்பதையும் “மனதில் வைத்துக்கொள்வோம்”. இந்தக் கடைசி வரியில் அண்ணர் தன்னை அறியாமல் முந்நூறு வருடம் பின்னுக்குப் போகிறார். தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுத்துக் கொடுத்த கிளாஸ் ஐசாக்ஸ், சீதனம் பெற்றுப் போன மகள் அதோடு திருப்திப்பட வேண்டும் என்ற பழைய வழக்கத்தைப் பதிந்திருக்கிறார். தகப்பன் வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு. ஆனால் அதே தொகுப்புத்தான் மகள்மாரின் சீதனம் தாயின் சீதனத்திலிருந்து போவதே ஆதி வழக்கம் என்றும் சொல்கிறது. அதை முழுதாக எடுத்தால் அம்மாவின் நகைப்பெட்டிக்குக் கிட்டவே அண்ணர் வர முடியாது. ஆகவே அவர் பாதியை எடுக்கிறார். ஐசாக்ஸின் தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஏற்றார்கள். அண்ணரின் தொகுப்பைப் படித்துச் சரி சொன்னவர் அண்ணி ஒருவர்தான்.

அப்படியானால் நியாயமான கடிதம் எழுதவே முடியாதா? முடியும், ஆனால் அதை எழுதும்போது எழுதுபவருக்கே தனக்கு என்ன வரும் என்று தெரியக்கூடாது. இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1940களில் போலந்துக் கணித அறிஞர் ஹூகோ ஸ்டைன்ஹவுஸ், பிரிக்க முடியாத முதுசத்தை வாரிசுகள் எப்படிச் சண்டையில்லாமல் பங்கிடுவது என்று கேட்டார். அவருடைய சகபாடி ப்ரோனிஸ்வாவ் க்னாஸ்டர் ஒரு முறை சொன்னார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளுக்கும் தன் மனதிலுள்ள விலையைத் தனித்தனியாக எழுதி, உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கூட எழுதியவருக்கே பொருள். தான் எழுதிய மொத்தத்தில் மூன்றிலொன்றே அவரவர் உரிமை. அதற்கு மேல் வந்ததைக் காசாகப் பொதுவில் போட வேண்டும், குறைந்தால் பொதுவிலிருந்து எடுக்கலாம். மிஞ்சுவதை மூவரும் சமமாகப் பிரிக்கலாம்.

வாயால் சொன்னால் சிக்கலாக இருக்கும், ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ரூபாய் வேண்டாம், பவுணிலேயே எழுதுவோம். பெட்டிக்குள் மூன்று உருப்படி: கொடி, அட்டியல், காப்புச் சோடி. லண்டன் அண்ணர் கொடிக்குப் பன்னிரண்டு, அட்டியலுக்கு நாலு, காப்புக்கு இரண்டு என்று எழுதுகிறார். மொத்தம் 18, உரிமை 6. கோண்டாவிலில் அம்மாவோடு இருந்த தங்கச்சி கொடிக்குப் பதினொன்று, அட்டியலுக்கு ஆறு, காப்புக்கு நாலு. மொத்தம் 21, உரிமை 7. வெள்ளவத்தைத் தம்பிக்கு எல்லாமே பொன்தான்; பதினொன்று, நாலு, மூன்று என்று கடைக்காரன் மாதிரி எழுதுகிறான்; மொத்தம் 18, உரிமை 6. இப்போது உறையைப் பிரித்தால் கொடி அண்ணருக்கு, அட்டியலும் காப்பும் தங்கச்சிக்கு. அண்ணர் பன்னிரண்டு பெற்றவர், உரிமை ஆறு, ஆகவே ஆறு பவுணின் பெறுமதியைப் பொதுவில் போடுகிறார். தங்கச்சி பத்துப் பெற்றவள், மூன்று போடுகிறாள். தம்பி தன் ஆறை எடுக்கிறான். ஒன்பது வந்தது, ஆறு போனது, மூன்று மிச்சம், ஆளுக்கு ஒன்று. முடிவில் அண்ணரின் கையிலிருந்து ஐந்து பவுண் காசு போகிறது, தங்கச்சியிடமிருந்து இரண்டு, தம்பிக்கு ஏழு பவுண் காசு. மூவரும் தாங்கள் எதிர்பார்த்த மூன்றிலொன்றைவிட ஒரு பவுண் கூடுதலாகவே பெற்றிருக்கிறார்கள். இந்த மிச்சம் வானத்திலிருந்து விழவில்லை. மனதின் விலை வேறுபட்டதால் வந்தது. நிறுத்துப் பிரித்திருந்தால் யாருக்கும் கிடைத்திராது.

“அம்மாவின்ரை நகைக்கு ஏலமோ?” என்று முதலில் கேட்பவர் அண்ணராகவே இருப்பார். உண்மைதான், ஏலத்தின் வாடை இருக்கிறது. ஆனால் ஏலத்தில் காசு விற்பவனுக்குப் போகிறது, இங்கே கூடப்பிறந்ததுக்குப் போகிறது. தவிர, அவருடைய பழைய கடிதத்திலும் ஏலம் நடந்ததுதான். கேள்வி கேட்டவர் அவர் ஒருவர், விலை நிர்ணயித்தவரும் அவரே. இதைவிட வலுவான ஆட்சேபம் தங்கச்சியுடையது: பவுண்ஸில் சம்பளம் எடுத்தவர் எதற்கும் கூட எழுதலாம், எனக்கு அந்த வசதி இல்லையே. இதை நான் ஒதுக்க மாட்டேன். இந்த முறை மனதை அளக்கும்போது காற்சட்டைப் பையையும் சேர்த்தே அளக்கிறது. அண்ணர் எல்லாவற்றுக்கும் உயர்த்தி எழுதினால் எல்லாம் அவருக்கே போகும். அவள் கையில் காசுதான் மிஞ்சும், அட்டியல் இராது. ஆகவே உறைக்கு முன்பே ஆளுக்கு ஒரு பொருளை விலையின்றி எடுக்கலாம் என்று ஒப்புக்கொள்வது நல்லது, அதுவும் கடைசிப் பிள்ளையிலிருந்து தொடங்கி. தோடு, மூக்குத்தி, மோதிரம் போன்ற சின்னவை அப்படியே முடிந்துவிடும். அட்டியல்தான் வேண்டும் என்றால் அதையே எடுத்துவிட்டு ஏலத்துக்கு மற்றதை விடட்டும்.

அம்மாவைக் கடைசி வருடங்களில் தூக்கிக் குளிப்பாட்டியதற்கு என்ன கணக்கு என்பதும் அவளுடைய கேள்வி. அதை நகைக்குள் கலக்கவே கூடாது. செத்தவீட்டுச் செலவையும் விமானச் சீட்டையும் உள்ளே விட்டால், மருந்துச் செலவும் நித்திரை முழித்த இரவுகளும் வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் அண்ணர் கடைசி ஆளாகத்தான் நிற்பார். அவற்றைத் தனியாகத் தீர்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போதே “இது உனக்கு” என்று கழற்றிக் கொடுத்தது பட்டியலிலேயே வராது, யார் முன்னால் கொடுத்தா என்பதை மட்டும் விசாரிக்கலாம்.

களவு நடக்காதா என்றால், நடக்கும். மற்றவர் என்ன எழுதுவார் என்று தெரிந்தால் அதற்குச் சற்றுக் கீழே எழுதி, பொருளை வேண்டுபவர்போலக் காட்டிக் காசைக் கூட்டலாம். தம்பி இரண்டு பேரோடும் தொலைபேசியில் அடிக்கடி சுகம் விசாரிக்கத் தொடங்கினால் அதுதான் அடையாளம். உறைகளை ஒரே நாளில் ஒரு பொது ஆளிடம், நொத்தாரிசிடமோ எல்லாரும் பயப்படும் மாமியிடமோ, கொடுத்துவிட்டால் இந்தச் சுகம் விசாரிப்பு குறையும். தேவைக்கு மேல் உயர்த்தி எழுதுபவருக்கோ தண்டனை அவர் எழுதிய எண்ணிலேயே இருக்கிறது.

கடைசியில் ஒரு விஷயம் மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த நாளின் பவுண் விலை. 2022இல் ரூபாய் விழுந்தபோது பவுண் விலை எப்படி ஏறியது என்பதை நினைத்தால், ஐந்து பவுண் கடன்பட்ட அண்ணர் விலை இறங்கும்வரை ஆறுதலாக இருப்பார் என்பது விளங்கும். உறை பிரித்த நாளில் கஸ்தூரியார் வீதியில் முன்பே பேசிக்கொண்ட ஒரு கடையின் 22 கரட் விலை, மூன்று மாதத் தவணை, காசு வந்த பிறகே கொடி லண்டனுக்குப் போகும் என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு அண்ணரிடமிருந்து மூன்று பக்கத்தில் பதில் வரும்.