மெட்ரோ ஆன ஸ்ரீரங்கம்

வாடா மாப்ளே, உட்காரு. பேங்குக்கு எழுதின மனுவைக் கொடு, பார்ப்போம். அடேயப்பா, மூணு பக்கமா! உங்க தாத்தா கணக்கு தொடங்கின கதை, மேனேஜர் முகம் கொடுத்துப் பேசாத கதை, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல கார்டு தொலைஞ்ச கதை, எல்லாம் இருக்கு. எவ்வளவு பிடிச்சாங்கன்னு மட்டும் காணோம். புகார் கொடுக்கப் போறியா, காலட்சேபம் பண்ணப் போறியா?

விஷயம் இதுதானே? ஸ்ரீரங்கத்துல வேற பேங்க் ஏ.டி.எம்.ல அந்த மாசம் நாலாவது தடவையா ஆயிரம் ரூபா எடுத்தே. கட்டணம்னு 27 ரூபா 14 பைசா போயிருச்சு. மூணு தடவைதான் இலவசம்ங்கிறது சென்னை, மும்பை மாதிரி ஆறு பெருநகரத்துக்கு ரிசர்வ் வங்கி வச்ச கணக்கு. திருச்சிக்கு அஞ்சு. உன் பேங்குக்காரங்க நம்ம தீவை மெட்ரோ ஆக்கிட்டாங்க. காவிரிக்கு அடியில ரயில் எப்ப ஓடும்னு அப்படியே கேட்டுட்டு வா!

"ஆயிரம் எடுத்தேன், பணத்தைப் பிடிச்சுட்டீங்க"ன்னு எழுதியிருக்கியே, படிக்கிறவர் என்னடா நினைப்பார்? மெஷின் ஆயிரத்தைத் தரலேன்னு நினைச்சு பதிவைப் புரட்டுவார். 'பணம் சரியாக வழங்கப்பட்டுள்ளது'ன்னு பதில் போட்டு புகாரை மூடிடுவார். அவர்மேல தப்பே இல்லை. எடுத்தது வேற, பிடிச்சது வேற, தனித்தனியாச் சொல்லு. கடைசியில "உரிய நடவடிக்கை எடுக்கவும்"னு இருக்கே, அதையும் அடி. 'எடுத்தாயிற்று'ன்னு ஒரு வரி வந்தா என்ன பண்ணுவே?

இப்ப எழுதிக்க:

"பொருள்: தவறாகப் பிடித்த ஏ.டி.எம். கட்டணம் ரூ. 27.14-ஐத் திருப்பித் தரக் கோருதல்.

18.06.2025 அன்று ஸ்ரீரங்கத்தில் வேறு வங்கி ஏ.டி.எம்.மில் ரூ. 1,000 எடுத்தேன். பணம் வந்துவிட்டது, அதில் புகார் இல்லை. அதற்கான கட்டணமாக 19.06.2025 அன்று என் சேமிப்புக் கணக்கில் ரூ. 27.14 (கட்டணம் 23, ஜி.எஸ்.டி. 4.14) பிடிக்கப்பட்டுள்ளது. அந்த மாதத்தில் வேறு வங்கி ஏ.டி.எம்.மில் இது என் நான்காவது பரிவர்த்தனை. பெருநகரம் அல்லாத ஊரில் ஐந்து வரை இலவசம். ரூ. 27.14 முழுவதையும் இதே கணக்கில் வரவு வைத்து, எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

கணக்கு எண்ணைப் போடு. பாஸ்புக் நகல்ல அந்த 27.14-க்கு அடியில கோடு இழு. விவரமாச் சொல்றேன்னு பின் நம்பரையும் எழுதி வச்சிராதே. நீ செய்யக்கூடிய ஆள்தான்.

நில்லு. மீதி எவ்வளவு இருக்குன்னு வேற பேங்க் மெஷின்ல எட்டிப் பார்த்தியா? அதுவும் அந்த அஞ்சுல சேரும். முன்னாடி ரெண்டு தடவை பார்த்திருந்தா இது நாலாவது இல்லை, ஆறாவது. மனுவைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு. மெஷின்ல காசில்லாம வெறுங்கையோட திரும்பினது மட்டும் கணக்குல வராது.

எண்ணிக்கை சரியா இருந்தா கொண்டுபோய்க் கொடுத்து, நகல்ல தேதியோட சீல் வாங்கு. 30 நாள்ல பதில் வரலேன்னாலோ, வந்த பதில் சரியில்லேன்னாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். அதுக்குக் கட்டணம் பிடிக்க மாட்டாங்க, பயப்படாதே.