மடித்த எடை

கரூரில் என் மச்சினன் கொசுவலை தைத்து விற்கிறான். போர்வைக்கும் பஸ் பாடி கட்டுவதற்கும் பேர்போன ஊர், கொசுவலைக்கும் பேர்போனது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் கடைக்கு வந்து தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு வாங்காமல் போவார். இப்போது செல்போனில் விற்பதால் இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் பதிலாக எழுத்தில் விவரம் போட வேண்டியிருக்கிறது. காதுகுத்து முதல் கருமாதி வரை ஊருக்கே பத்திரிகை எழுதித் தருகிற நான், கொசுவலைக்கு எழுத மாட்டேனா?

“தென்றல் நுழையும், தீங்கு நுழையாது” என்று ஆரம்பித்தேன். மச்சினன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“தென்றலை எடுத்துடுங்க மாமா. காத்து வரலைன்னு ரிட்டர்ன் பண்ணிருவாங்க. நாலே விவரம் போதுமுங்க: கட்டில் அளவு, கண் அடர்த்தி, மாட்டுற முறை, மடிச்ச எடை.”

கட்டில் அளவு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைப்பீர்கள். ஆசாரி ‘ஆறேகாலுக்கு நாலு’ என்பார், மெத்தைக் கடைக்காரர் ‘குயீன்’ என்பார், வாங்குகிறவர் “ரெண்டு பேர் படுக்கிற கட்டில்” என்பார். அந்த இரண்டு பேரின் அளவை யாரும் சொல்வதில்லை. நீளம் அகலமாவது பரவாயில்லை, வம்பு வருவது உயரத்தில்தான். வலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது, மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். உட்கார்ந்தால் தலை இடிக்காமல் இருக்க மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். இப்போதைய மெத்தை 8 அங்குலம். செருக 10 அங்குலம். மொத்தம் 60, சரியாக ஐந்தடி. நாலடி வலை வாங்கினால் ஓரடி எங்கிருந்தாவது போக வேண்டும். பெரும்பாலும் செருகலில் போகும். அந்த இடைவெளியைக் கொசு முதல் ராத்திரியே கண்டுபிடித்துவிடும். அதனால் மெத்தையின் கனத்தையும் கேட்டு எழுதச் சொன்னேன். “கனம் கேட்டா வாங்க மாட்டாங்க மாமா, கடன் அட்டை நம்பர் கேட்ட மாதிரி பயப்படுவாங்க” என்றான்.

அடுத்தது கண் அடர்த்தி. ஒரு சதுர அங்குலத்துக்குள் எத்தனை கண் என்பதுதான் கணக்கு. மருந்து ஏற்றிய மலேரியா வலைகளில் 156 என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம்: ஒரு பக்கம் 12, மறுபக்கம் 13, பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணும் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். நம்மூர்க் கொசுவுக்கு இது போதும். அதைவிடச் சிறிய பூச்சிகளுக்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். ஆனால் கண் நெருங்க நெருங்கக் காற்று குறையும். மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் உள்ளே இரண்டு மாதிரிதான் வரும். ஆகவே ‘300 கண்’ என்று பெருமையாகப் போடுகிற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு வியர்க்கிறது.

எண்ணுவது சுலபம். பழைய பத்திரிகை அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, கறுப்புத் துணிமேல் வலையை இழுக்காமல் பரப்பி, அட்டையை வைத்து இரண்டு பக்கமும் எண்ணினால் முடிந்தது. இழுத்துப் பிடித்தால் கணக்கு மாறிவிடும். ஓரிடத்தில் எண்ணி நம்பக் கூடாது, நாலைந்து இடத்தில் எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. பின்னல் வலையில் ஒன்றும் ஆகாது. மலிவான நெசவு வலையில் நூல் நகர்ந்து, 156 இருந்த இடத்தில் ஒரு வாசல் திறக்கும். தன் கல்யாணப் பத்திரிகையில் நான் சதுரம் வெட்டுவதை மச்சினன் கண்டும் காணாததுபோல் இருந்தான்.

மாட்டும் முறையில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. நாலு மூலை, நாலு ஆணி, நாலு நாடா. இதைவிடச் சிறந்தது இல்லை. வாடகை வீட்டில் ஆணிக்குத் தடை என்றால் ஜன்னல் கம்பி, பீரோ கைப்பிடி, கதவுக் கொண்டி என்று சமாளிக்கலாம். ராத்திரி யாராவது பீரோவைத் திறந்தால் வீடே எழுந்துகொள்ளும், அவ்வளவுதான். சினிமாவில் வருகிற வட்ட வலை பார்க்க அழகு. அது மேலே ஒரே கொக்கியில் தொங்குவது. அந்தக் கொக்கியில் நம் வீட்டில் ஏற்கெனவே மின்விசிறி இருக்கிறது. அதோடு அது கூம்பாகச் சரிந்து இறங்குவதால் உயரமான ஆளின் கால்விரல் வலையில் படும். பட்டால் கொசு உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை, வெளியில் நின்றபடியே வேலையை முடித்துக்கொள்ளும்.

நான் சிரித்தது நாலாவது விவரத்துக்குத்தான். “மடிச்ச எடைன்னா என்னடா? மடிக்கிறதுக்கு முன்னாடி வேற எடையா?” அவன் பதில் சொல்லாமல் தராசைக் கொண்டுவந்தான்.

முதலில், எடை பொய்யைப் பிடித்துக் கொடுக்கும். ஆறுக்கு ஆறரை கட்டில், ஐந்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்துணியும் நாலு பக்கமும் சேர்த்தால் சுமார் 15 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரைப் புடவைத் துணி. 75 டெனியர் பாலியெஸ்டர் வலை என்றால் ஒரு சதுர மீட்டர் சுமார் 30 கிராம். 100 டெனியர் என்றால் 40. டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை, கிராமில். ஆக, வலை 450 கிராமாவது இருக்க வேண்டும். நல்ல நூலென்றால் 600. போட்டிக் கடையின் ‘100 டெனியர், கிங் சைஸ்’ வலையை மளிகைத் தராசில் வைத்தோம். 350. நூல் மெலிந்திருக்க வேண்டும், அல்லது கண் பெருத்திருக்க வேண்டும், அல்லது ராஜா குட்டையாக இருக்க வேண்டும். அளந்தால் உயரம் நாலடிகூட இல்லை.

இரண்டாவது காரணம் கூரியர். அவர்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பொட்டலம் அடைக்கிற இடத்துக்கும் வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பலரும் 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற கிலோவும் நிஜ எடையும் மோதி, எது அதிகமோ அதற்குப் பில். நாடா வலை 30, 25, 5 என்று மடங்கும்: முக்கால் கிலோ. எஃகுக் கம்பி வைத்துத் தானே விரிகிற கூடார வலை இருக்கிறதே, அதன் நிஜ எடை இரண்டு கிலோ. மடித்தால் 70 சென்டிமீட்டர் வட்டம், கனம் 5. போட்டுப் பார்த்தால் 4.9 கிலோ. மச்சினனின் லாபம் அந்த மூன்று கிலோ காற்றில் போகிறது.

அதுவும் மடித்தால்தான். கம்பியை எட்டுப்போல முறுக்கி, ஒரு வளையத்தை இன்னொன்றின்மேல் கவிழ்த்து, மூன்று சுற்றாகச் சுருட்ட வேண்டும். தைக்கிற பெண்கள் பேசிக்கொண்டே செய்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மடிக்க முயன்று, மனைவியையும் மாமனாரையும் உதவிக்கு அழைத்து, மூவருமாகத் தோற்று, வலையை விரிந்தபடியே டெம்போவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். டெம்போ வாடகையையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டுமாம். மச்சினன் அவரைச் சமாதானப்படுத்திக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, நான் எழுதிவைத்த விவரத்தை மறுபடி எடுத்துப் படித்தான்.

“மாமா, இதுல மடிக்காத எடைன்னும் ஒரு வரி சேர்த்துரலாமுங்களா?”