அசலுக்கு ஒரு ஓரம்

வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதும் ஒரு அட்டவணை கொடுத்தார்கள். 30 லட்சம், 9 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை 26,992 ரூபாய்.

முதல் வரியில் வட்டி 22,500. மீதி 4,492 அசலுக்கு. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு அடிச்சட்டி ரசம் மாதிரி. ஏமாற்று எதுவுமில்லை, பாக்கி முப்பது லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே அவ்வளவு. முதல் வருடம் 3.24 லட்சம் கட்டி முடித்தபோது கடனில் குறைந்தது சுமார் 56,000. வீட்டில் ஒரு குளியலறை என்னுடையதாகியிருக்கலாம், கதவு நீங்கலாக.

தவணையில் அசல் வட்டியை முந்துவது 149ஆவது மாதத்தில். பத்தாம் வருடமே பாதிக் கடன் தீர்ந்துவிடும் என்று பாயசம் வைக்க நினைத்த மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வட்டி 10 சதவீதமானது. "தவணை அதே தான் சார், கவலைப்படாதீங்க" என்றார் வங்கிக்காரர். உண்மைதான். அசலுக்குப் போவது 2,460 ஆகச் சுருங்கி, பாக்கியிருந்த 228 மாதம் 289 ஆனது. புது அட்டவணையில் கடைசித் தேதியைப் பார்த்த மகன், "அப்ப உங்களுக்கு வயசு என்னப்பா?" என்றான்.